மானிட்டர் ஆர்ம் வைத்த இடத்தில் நிற்கவில்லை, யாராவது வழி சொல்லுங்க

தக்கலைக்காரன்
அவசரம். போன வாரம் கேஸ் ஸ்பிரிங் ஆர்ம் வாங்கி மேசையில் மாட்டினேன். மானிட்டரை எங்கே வைத்தாலும் அங்கே நிற்பதில்லை. 9 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, என்னுடையது அவ்வளவு வராது. ஓட்டையெல்லாம் பொருந்திவிட்டது. நாள் முழுக்கக் கணக்கு வேலை, சாயங்காலம் ஆனால் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

பழைய ஸ்பேனர்
எத்தனை இன்ச், எத்தனை கிலோ, என்ன மேசை, ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் என்ன ஜோசியம் பார்க்கிறோமா? ஆர்ம் இறங்கினால் டென்ஷன் திருகை ஆலன் கீயால் + பக்கம் திருப்ப வேண்டும். கூட வந்த தாளிலேயே இருக்கும். தாளை யார் படிக்கிறார்கள்!

ரப்பர் தோட்டம்
மேசையைப் பாருங்க. பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் கிளாம்ப் கடித்துக் கடித்துப் பள்ளமாகி, ஆர்ம் அடியிலிருந்தே சாயும். என் மேசை ரப்பர் மரம், இரண்டு வருஷமாக அசையவில்லை.

குளச்சல் காற்று
எங்கள் வீட்டு டிவிக்கும் இதே பாடுதான். டிவியில் 200க்கு 200 ஓட்டை, வாங்கி வந்த தகடு 100க்கு 100. கடைசியில் தகட்டை மாற்றினோம். கடல் பக்கம் என்பதால் திருகும் ஆறு மாதத்தில் துருப் பிடித்துவிட்டது. உங்களுக்கும் ஓட்டைதான் பிரச்சினையாக இருக்கும்.

வேளிமலை
ஓட்டை பொருந்திவிட்டது என்றுதானே சொல்கிறார் அக்கா. அண்ணே, ஒன்றே ஒன்று சொல்லுங்க: ஆர்ம் கீழே இறங்குகிறதா, மேலே ஏறுகிறதா, இல்லை திரையின் முகம் மட்டும் கவிழ்கிறதா? முகம் கவிழ்ந்தால் தலைப்பகுதியில் இருக்கிற தனித் திருகை இறுக்கினால் போதும், ஸ்பிரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு எடை எவ்வளவு? கண்ணாடி போடுவீர்களா?

தக்கலைக்காரன்
மேலே ஏறுகிறது! அதைத்தானே சொன்னேன். கீழே அழுத்திக் கையை எடுத்தால் மெதுவாக ஏறிவிடும். 24 இன்ச். ஸ்டாண்ட் இல்லாமல் மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், 2.4 கிலோ. திருகை - பக்கம் முழுதாகத் திருப்பியாகிவிட்டது. வயது 52, ஒரே லென்ஸில் தூரமும் பக்கமும் பார்க்கிற புரோகிரசிவ் கண்ணாடி.

பழைய ஸ்பேனர்
"நிற்கவில்லை" என்றால் ஏறுகிறது என்று எந்த ஊரில் அர்த்தம்?

வேளிமலை
அந்தத் தாளில் குறைந்தபட்ச எடை என்று இன்னொரு எண் இருக்கும், பாருங்க. 9 கிலோவுக்குக் கீழே எதுவும் ஆகும் என்று நினைப்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். எடை போதவில்லை என்றால் முழுக்கத் தளர்த்தினாலும் அது தள்ளுவது நிற்காது.

கழுத்து வலிக்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும் என்பார்கள். உங்கள் கண்ணாடியில் பக்கத்தில் பார்க்கிற பகுதி கீழே இருப்பதால், திரை அந்த உயரத்தில் இருந்தாலே தாடையைத் தூக்கித்தான் படிப்பீர்கள். இன்னும் சில விரல் இறக்கி, முகத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, தாடை தூக்காமல் கடைசி வரி வரை படிக்க முடிகிற இடத்தில் நிறுத்துங்க. ஆனால் இந்த ஆர்ம் இறங்கவே விடாதே.

தக்கலைக்காரன்
தாளில் 3 முதல் 9 கிலோ. நான் 9ஐ மட்டும்தான் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கவும் முடியாது, பெட்டியைக் கிழித்தாச்சு.

வேளிமலை
லேத் பட்டறையில் 15 சென்டிமீட்டர் சதுரமாக 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வெட்டச் சொல்லுங்க, ஏறக்குறைய 880 கிராம் வரும். 2.4ஓடு சேர்த்தால் 3.2 தாண்டிவிடும். மானிட்டர் ஓட்டை 100க்கு 100 என்றால் அதே இடைவெளியில் நாலு துளை, 4.5 மில்லிமீட்டரில். தகட்டை ஆர்மின் தட்டுக்கும் மானிட்டருக்கும் நடுவில் வையுங்க. இப்போது இருக்கிற எம்4 திருகு 12 மில்லிமீட்டர் என்றால் 16 வாங்குங்க. அதைவிட நீளமாகப் போனால் உள்ளே பேனலைக் குத்திவிடும்.

பழைய ஸ்பேனர்
கணக்கு சரி. ஒன்றை விட்டுவிட்டாய் தம்பி. மானிட்டரைக் கழற்றும் முன்னால் ஆர்மை உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். இறக்கி வைத்துக் கழற்றினால் சட்டென்று எகிறி முகத்தில் அடிக்கும். எனக்கு உதட்டில் தையல் போட்டார்கள்.

ரப்பர் தோட்டம்
எல்லாம் சரி, மேசை என்ன மரம் என்று இன்னும் சொல்லவில்லையே.

குளச்சல் காற்று
ரப்பர் மரத்தில் மருந்து ஏற்றாவிட்டால் பூச்சி அரிக்கும். ஆஞ்சிலிதான் நிற்கும்.

ரப்பர் தோட்டம்
இப்போது மருந்து ஏற்றாமல் யார் விற்கிறார்கள்? ஆஞ்சிலி விலையைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்க.

தக்கலைக்காரன்
தகடு போட்டாச்சு, நிற்கிறது. நாலு விரல் இறக்கி வைத்திருக்கிறேன். கழுத்து இன்னும் தெரியவில்லை, நேற்றுத்தான் மாட்டினேன். மேசை என்ன மரமோ, வீட்டுக்காரர் போட்டது.