இருப்பாய்வு இல்லாமல் இருப்புநிலைக் குறிப்பு: ஒரு சந்தேகம்

அனைவருக்கும் வணக்கம். உறவினர் ஒருவரின் மளிகைக் கடைக்கு 31.3.2024 அன்றைய இருப்புநிலைக் குறிப்பைத் தயாரித்து வருகிறேன். பேரேடு இல்லாததால் இருப்பாய்வும் இல்லை. வங்கிப் புத்தகமும் கடன் நோட்டும் மட்டுமே உள்ளன.

ஆண்டுத் தொடக்கத்துச் சொத்துகள் ரூ.3,00,000, கடனீந்தோர் ரூ.80,000 என்பதால், நிலை அறிக்கையின்படி தொடக்க முதல் ரூ.2,20,000 ஆகிறது. இறுதியில் சொத்துகள் ரூ.3,85,000, கடனீந்தோர் ரூ.1,05,000, எனவே இறுதி முதல் ரூ.2,80,000. இத்துடன் வீட்டுச் செலவுக்கு எடுத்த ரூ.1,20,000-ஐக் கூட்டி, நகை விற்று இடையில் போட்ட ரூ.50,000-ஐயும் தொடக்க முதலையும் கழித்தால், இலாபம் ரூ.1,30,000 வருகிறது.

இருபுறமும் சமமாகத்தான் இருக்கின்றன. ஆனால் இலாபமே மீதித் தொகையாகக் கிடைப்பதால், சொத்து மதிப்பில் பிழை இருந்தாலும் அவை சமமாகவே இருக்கும் என்பதுதான் என் கவலை. குறிப்பாக, கடனாளிகள் ரூ.90,000 என்பதில் ஒரு பகுதி அவர் நினைவிலிருந்து சொன்னது. மொத்தக் கடனாளிகள் கணக்கு எழுதிச் சரிபார்க்கலாம் என்றால், கடன் விற்பனைத் தொகையும் தெரியவில்லை.

கொள்முதல் பட்டியல்களிலிருந்து விற்ற சரக்கின் அடக்கத்தைக் கண்டு, வழக்கமான இலாப விகிதத்தைச் சேர்த்து மொத்த விற்பனையை மதிப்பிட்டு, அதிலிருந்து ரொக்க விற்பனையைக் கழிப்பது ஏற்கத்தக்க முறையா? அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.