ரிப்போட்டில் நான்கு எண், வீடியோவில் இடம் ஒன்றுக்குத்தான்: எதை வைப்பது?

தர்ஷி_கொழும்பு3
எங்கள் ஒபிஸ் விற்பனைப் பிரதிநிதிகள் போனில் ஓடர் எடுக்கும் செயலி ஒன்றை விற்கிறது. புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு வாடிக்கையாளரைப் பற்றி 12 பக்க ரிப்போட் இருக்கிறது. அதை 90 விநாடித் தமிழ் வீடியோவுக்கு ஸ்கிரிப்டாக மாற்ற வேண்டும்: முன்பு எப்படி, பின்பு எப்படி, நம்பக்கூடிய ஒரு எண். ரிப்போட்டில் நான்கு எண் உண்டு. விற்பனை 82% கூடியது, ஓடர் எடுக்கும் நேரம் 300% குறைந்தது, பிழையான சாமான் என்று திரும்பி வந்த பில்கள் மாதம் 38இலிருந்து 14 ஆனது, திருப்தி 5க்கு 4.6. ஒப்பிட்ட மாதங்கள் 2022 ஓகஸ்ட், 2024 ஓகஸ்ட். எதை எடுக்கலாம்?

க்ளிக்_கஜன்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 82%. முதல் மூன்று விநாடிக்குள் திரை முழுக்க அந்த எண் வரவேண்டும். பார்ப்பவர் பாதிப்பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், ஆகவே குரலை நம்பாதீர்கள், எழுத்தாகப் போடுங்கள். கடைக்காரருக்கு வேண்டியது விற்பனை. திரும்பி வந்த பில்லைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

கணக்கன்
கஜன், எழுத்தாகப் போடச் சொன்னது சரி. எண்தான் சரியில்லை. 2022 ஓகஸ்ட் என்ன மாதம் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் QR அப்போதுதான் தொடங்கியிருந்தது, லொறி ஓட டீசல் இல்லை, இறக்குமதிக்கு டொலர் இல்லை. அதற்கு அடுத்த மாதம் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அந்தப் பள்ளத்திலிருந்து ரூபாவில் அளந்தால் செயலியே வாங்காத கடையும் கூடித்தான் காட்டும். இன்னொன்று, அந்த ஓகஸ்டில் வற் வரி 12%, 2024இல் 18%. பில் தொகையை வரியோடு சேர்த்துக் கூட்டியிருந்தால் அந்த 82க்குள் அரசாங்கத்தின் பங்கும் இருக்கும்.

300% பற்றிச் சொல்லவே வேண்டாம். நேரம் நூறு சதவீதம் குறைந்தாலே பூச்சியம்தான். எட்டு நிமிடம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், யாரோ தலைகீழாக வகுத்திருக்கிறார்கள். இதைத் திரையில் போட்டால் முதல் கருத்திலேயே ஒருவர் பிடிப்பார்.

மருதானை_மாமி
நானும் வீடியோ போடத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் பிள்ளைகள். வீட்டில் இருந்து மதியச் சாப்பாடு ஓடர் செய்கிறேன், ஒபிஸ்களுக்கு. மாதம் எத்தனை பார்சல் போகிறது என்று போட்டால் நல்லதா? 90 விநாடி வீடியோவுக்கு எவ்வளவு எடுப்பார்கள்?

பழைய_பேனா
மாமி, உங்களுடையது விளம்பரம். தர்ஷி கேட்பது வாடிக்கையாளர் வாயால் வரவேண்டிய கதை. பார்சல் எண்ணிக்கையை நீங்களே சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள், ஆனால் அதனால் ஒன்றும் நிரூபணமாகாது. உங்களிடம் எடுக்கும் ஒபிஸ்காரர் ஒருவர் "முந்தி மதியம் வெளியே போய்வர முக்கால் மணி நேரம் போகும்" என்று சொல்வதுதான் உங்களுக்கு வேண்டிய முன்பு-பின்பு.

தர்ஷிக்கு வருகிறேன். 82% வேண்டாம் என்பதற்குக் கணக்கன் சொன்னதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. புறக்கோட்டை முதலாளி எவரும் தன் விற்பனை இவ்வளவு ஏறியது என்று கேமராவுக்கு முன் சொல்லமாட்டார். பக்கத்துக் கடையும் பார்க்கும், வரிக் கந்தோரும் பார்க்கும். ரிப்போட்டில் கையெழுத்துப் போட்டவர்கூட படப்பிடிப்பு நாளில் "அதை விடுங்கோ" என்பார். அப்போது உங்களிடம் எண் இல்லாத வீடியோ மிஞ்சும்.

திருப்தி 4.6 நீங்கள் கேட்டு அவர் சொன்னது. உங்கள் செயலிக்கு நீங்களே வாங்கிக்கொண்ட மார்க்.

மிச்சம் அந்த 38, 14. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது வீடியோவுக்காக எடுத்த எண் இல்லை. பிழையான சாமான் திரும்பி வந்தால் கடைக்குக் கிரெடிட் நோட் எழுதியே ஆகவேண்டும். அவர் தன் கணக்குக்காக எழுதி வைத்தது அது. ஆனால் இப்படியே போடாதீர்கள், எத்தனை பில்லில் 38 என்று தெரியவேண்டும். டீசல் இல்லாத மாதத்தில் பில்லே குறைவாக இருந்திருக்கும். செயலி வந்தது எப்போது?

தர்ஷி_கொழும்பு3
2023 மார்ச். பில் எண்ணிக்கை ரிப்போட்டில் இல்லை அண்ணா, கேட்டு எடுக்கிறேன்.

பழைய_பேனா
கேட்கும்போது ஓகஸ்ட் வேண்டாம். செயலி வருவதற்குச் சற்று முன், ஆனால் பெற்றோல் வரிசை ஓய்ந்த ஒரு மாதத்தை எடுங்கள். 2023 ஜனவரி நல்லது. அதோடு 2024 ஜனவரியை வையுங்கள். ஒரே மாதம் என்றால் சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி நெரிசல் எல்லாம் குழப்பாது.

தர்ஷி_கொழும்பு3
வந்துவிட்டது. 2023 ஜனவரி: 590 பில், அதில் 41 திரும்பியது. 2024 ஜனவரி: 720 பில், 15 திரும்பியது.

பழைய_பேனா
நல்லது. 590இல் 41 என்றால் நூற்றுக்கு ஏழு. 720இல் 15 என்றால் நூற்றுக்கு இரண்டு. உங்கள் எண் இதுதான்: "நூறு பில்லில் ஏழு திரும்பும், இப்போது இரண்டு." இன்னும் இரண்டு திரும்புகிறது என்பதை மறைக்காதீர்கள், நம்பிக்கை அந்த இரண்டில்தான் இருக்கிறது. 70% குறைவு என்று மாற்றவும் வேண்டாம். சதவீதத்தைக் கேட்டால் மனதில் படம் வராது, ஏழு பெட்டி என்றால் வரும்.

இனி ஸ்கிரிப்ட். ரிப்போட்டின் வரிசை நிறுவனம் பற்றி, சவால், தீர்வு, விளைவு என்றுதான் இருக்கும். முதல் பகுதியை முழுசாக எடுத்துவிடுங்கள். கடைப் பலகை ஒரு விநாடி தெரிந்தால் போதும். உங்கள் செயலியின் பெயர் முப்பதாவது விநாடிக்கு முன் வரக்கூடாது. 90 விநாடித் தமிழுக்கு நான் 120 சொல்லுக்கு மேல் எழுதமாட்டேன். தமிழ்ச் சொல் நீளம், அதோடு சாமான் இறங்கும் சத்தத்துக்கும் இடம் விடவேண்டும். தொடக்கம் இப்படி:

படம்: மாலை. லொறியின் பின்கதவு திறக்கிறது. உள்ளே திரும்பி வந்த இரண்டு பெட்டி. நாட்டாமி இறக்குகிறார்.
குரல், ஸ்டோர் பொறுப்பாளர்: "இப்ப ரெண்டு பெட்டிதான். முந்தி இந்த நேரம் இந்த மூலை நிறைஞ்சு கிடக்கும்."
படம்: பழைய ஓடர் புத்தகம். கையெழுத்தில் 13A, 15A எது என்று தெரியாத ஒரு வரி.
குரல்: "பொடியன் மாத்தறையில எழுதினதை நான் இங்க இருந்து வாசிக்கோணும். பிளக் மாறிப் போனா லொறிக்காசும் எங்கட தலையில."
படம்: கடை வாசலில் பிரதிநிதி போனில் சாமானைத் தெரிவு செய்கிறார். அதே ஓடர் ஸ்டோர் திரையில் வருகிறது.
குரல்: "நூறு பில் போனா ஏழு திரும்பி வரும். இப்ப ரெண்டு."
எழுத்து: 100 பில்லில் 7. இப்போது 2. (2023 ஜனவரி, 2024 ஜனவரி)

இதை அவரிடம் கொடுத்து வாசிக்க வைக்காதீர்கள். கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். "இந்த நேரத்தில் முந்தி இங்கே என்ன நடக்கும்?" என்று லொறிக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் இதைவிட நல்ல வரி வரும். எண்ணை முதலாளி சொல்வதைவிட ஸ்டோர்க்காரர் சொல்வது நல்லது, பெட்டியைத் தொடுகிறவர் அவர்தான்.

க்ளிக்_கஜன்
30 விநாடி வரை பெயர் வராவிட்டால் அதற்குள் ஆள் போய்விடுவான் அண்ணா. காசு போட்டு ஓடும் வீடியோவில் அது கட்டாது. அதோடு "முன்பு" பகுதியில் நிறைந்த மூலையைக் காட்டவேண்டாமா? வெறும் பேச்சா? முப்பது பெட்டியை அடுக்கி எடுத்தால் வேலை முடிந்தது.

பழைய_பேனா
அடுக்கலாம், திரை மூலையில் "மீள்நடிப்பு" என்று எழுத்துப் போட்டால். போடாவிட்டால் ஸ்டோரில் வேலை செய்யும் பொடியன்கள்தான் முதலில் சிரிப்பார்கள். பழைய ஓடர் புத்தகம் உண்மையானது, இன்னும் அலுமாரியில் கிடக்கும். அதைக் காட்டினால் பெட்டி தேவைப்படாது. பெயர் விஷயத்தில், முகநூலுக்கு 20 விநாடித் துண்டு வெட்டும்போது நீங்கள் சொல்கிறபடி முன்னால் கொண்டுவரலாம். விற்பனைப் பிரதிநிதி மடிக்கணினியில் காட்டும் 90 விநாடிக்கு அந்த அவசரம் இல்லை.

கணக்கன்
எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். கிரெடிட் நோட்டில் உடைந்த சாமானும் வரும், பிழையான சாமானும் வரும். 2023 ஜனவரியில் காரணத்தைக் கையால் எழுதியிருப்பார்கள், 2024இல் செயலியில் பட்டியலிலிருந்து தெரிவு செய்திருப்பார்கள். முன்பு "பிழை" என்று எழுதியது இப்போது "சேதம்" என்று பதிவாகியிருந்தால் ஏழு இரண்டாகக் குறைந்ததில் ஒரு பங்கு பெயர்மாற்றம்தான்.

தர்ஷி_கொழும்பு3
அப்படிக் கேட்டுப் பார்க்கவில்லை. எல்லாக் காரணமும் சேர்த்து மொத்தக் கிரெடிட் நோட் இரண்டு மாதத்துக்கும் கேட்கட்டுமா?

கணக்கன்
ஆம். மொத்தமும் குறைந்திருந்தால் பயமில்லை. மொத்தம் அப்படியே இருந்து "பிழை" மட்டும் விழுந்திருந்தால் இந்த எண்ணைத் தொடாதீர்கள்.

பழைய_பேனா
நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். லொறி ஓட்டுநரிடம் கேளுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி திருப்பி ஏற்றுகிறார் என்று. அவர் சொல்வதும் இதுவும் பக்கத்தில் நின்றால் எனக்குப் போதும்.

கணக்கன்
ஓட்டுநரின் ஞாபகம் சாட்சியாகாது.

தர்ஷி_கொழும்பு3
இரண்டையும் கேட்கிறேன். இன்னொரு சிக்கல். முதலாளி ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டு, "நாங்கள் பிழையான சாமான் அனுப்பினோம்" என்று சொன்னால் வெளியூர்க் கடைக்காரர் என்ன நினைப்பார் என்று தயங்குகிறார்.

பழைய_பேனா
அந்தக் கடைக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரியும், திருப்பி அனுப்பியவர்களே அவர்கள்தான். அப்படியும் தயங்கினால் மாத்தறையில் இருக்கும் ஒரு கடைக்காரரிடம் அந்த வரியைக் கேளுங்கள்: "இப்ப பெட்டியைப் பிரிக்காமலே அடுக்கிறன்." குறை அவர் வாயில் வந்தால் முதலாளிக்குக் கூச்சம் இருக்காது. ஆனால் அவர் சிங்களத்தில் பேசினால் தமிழ் எழுத்து கீழே ஓடவேண்டும், எண்ணுக்கு மேல் அந்த எழுத்து விழாமல் இடம் விடுங்கள். எதுவானாலும் கடைசி வெட்டை முதலாளிக்குக் காட்டி எண்ணுக்கும் மாதத்துக்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், மின்னஞ்சல் போதும்.

மருதானை_மாமி
எவ்வளவு எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லையே?

க்ளிக்_கஜன்
மாமி, உங்களுக்குப் போனிலேயே எடுக்கலாம். தனிச் செய்தி அனுப்புங்கள். தர்ஷி, நான் இன்னும் சொல்கிறேன், அந்த 7, 2 முதல் மூன்று விநாடிக்குள் வரட்டும். குரல் பிறகு வரட்டும்.

தர்ஷி_கொழும்பு3
இரண்டு விதமாகவும் வெட்டச் சொல்லியிருக்கிறேன். மொத்தக் கிரெடிட் நோட் எண்ணிக்கை திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார்கள். அதுவரை எழுத்துப் பலகையில் எண் காலி.