243 சொற்களில் இருந்தும் ஆய்வுச் சுருக்கம் தவறா?

தேன்சிட்டு (கேள்வி): என் ஆய்வேட்டுச் சுருக்கத்துக்கு வரம்பு 250 சொற்கள், நான் 243 சொற்களில் முடித்திருக்கிறேன். நோக்கம், முறை, கண்டறிந்தவை, முடிவு நான்கும் இருக்கின்றன. ஆனாலும் புறத்தேர்வாளர் "ஆய்வேட்டைப் பிரதிபலிக்கவில்லை" என்று எழுதிவிட்டார். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்? சுருக்கத்தின் முக்கிய வரிகள்: "செயல்வழிக் கற்றல் நீண்டகால நினைவில் ஏற்படுத்தும் தாக்கத்தை அறிவதே நோக்கம். 60 மாணவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். செயல்வழிக் குழு 5.4 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றது. எனவே செயல்வழிக் கற்றல் நினைவாற்றலை மேம்படுத்துகிறது."

பழைய நெறியாளர்: அந்த 5.4 எந்தத் தேர்வில் கிடைத்தது? பாடம் முடிந்த அன்றா, பல வாரங்கள் கழித்தா? எட்டாம் வாரம் தேர்வு நடத்தியிருந்தால் அதன் அட்டவணையையும் இங்கே இடுங்கள்.

தேன்சிட்டு: 5.4 பாடம் முடிந்த அன்று நடந்த தேர்வில் வந்தது. எட்டாம் வாரத்தில் 47 பேர்தான் எழுதினார்கள், இரு குழுக்களின் சராசரி 58.4, 56.9, வேறுபாடு 1.5, நம்பக இடைவெளி −2.1 முதல் 5.1 வரை. அது புள்ளியியல் முறையில் பொருளுடையதாக இல்லாததால் சுருக்கத்தில் விட்டுவிட்டேன்.

பழைய நெறியாளர்: தேர்வாளர் பிடித்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். நீண்டகால நினைவை நோக்கமாக அறிவித்துவிட்டு, அன்றைய தேர்வின் எண்ணைக் கண்டறிந்ததாகக் காட்டி, முடிவில் மறுபடியும் நினைவாற்றலைப் பேசுகிறீர்கள். நடுவிலுள்ள எண் முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களோடு ஒட்டவேயில்லை. நான் ஒரு சுருக்கத்தைப் படிக்கும்போது முதலில் நோக்கத்தில் உள்ள அளவீட்டை அடிக்கோடிடுவேன்; பிறகு அதே அளவீட்டின் எண் சுருக்கத்தில் இருக்கிறதா, ஆய்வேட்டின் அட்டவணையிலும் அதே எண்தானா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். சொற்களை எண்ணுவது அதற்குப் பிறகுதான்.

எண்கணக்கன்: ஐயா, இது சற்றுக் கடுமையாகத் தெரிகிறது. 5.4 என்பது பொய்யான எண் அல்ல, அட்டவணையில் இருப்பதுதான். 250 சொற்களில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. சிறப்பானதை முன்னே வைப்பது சுருக்கத்தின் இயல்பு. முழுவிவரம் வேண்டுபவர் உள்ளே படித்துக்கொள்ளட்டும்.

பழைய நெறியாளர்: எண் பொய்யல்ல என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் சுருக்கத்தைப் படிப்பவர்களில் பலர் உள்ளே போவதேயில்லை. எந்தத் தேர்வு என்று குறிப்பிடாத 5.4-ஐ அவர்கள் எட்டாம் வாரத்துக்குரியதாகவே எடுத்துக்கொள்வார்கள். 60 என்பதும் அப்படித்தான்: 13 பேர் விலகியதை மறைத்துவிட்டு 60 என்று எழுதினால், கணக்கிட்ட தொகையையே மாற்றிச் சொன்னதாகிறது. விலகியவர்கள் பெரும்பாலும் ஒரே குழுவினர் என்றால் 1.5-ஐயும் நம்ப முடியாது.

வரைவாளர்: சொல் வரம்புச் சிக்கலில் நானும் மாட்டியிருக்கிறேன். ஓர் இதழின் இணையப் படிவம் என் சுருக்கத்தை ஏற்க மறுத்தபோது, "செய்து கொண்டிருந்தனர்" போன்றவற்றையெல்லாம் "செய்துகொண்டிருந்தனர்" என்பதுபோல் சேர்த்தெழுதிப் பதினொரு சொற்களைக் குறைத்தேன். சொல் எண்ணும் கருவி சொற்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தைத்தான் எண்ணுகிறது. நீங்களும் முயன்று பார்க்கலாம்.

தேன்சிட்டு: நண்பரே, என் சுருக்கம் வரம்புக்குள்தான் இருக்கிறது. உள்ளடக்கத்தைப் பற்றியே கேட்டேன்.

பழைய நெறியாளர்: சேர்த்தெழுதுவதால் கருவி ஏமாறலாம், வாசகரின் சுமை குறையாது. தேன்சிட்டு, பின்னணிக்கு எத்தனை சொற்கள் செலவிட்டிருக்கிறீர்கள்?

தேன்சிட்டு: எண்ணிப் பார்த்தேன், 96.

பழைய நெறியாளர்: அப்படியானால் இடமில்லை என்ற வாதம் நிற்காது. பின்னணியை இரண்டு வாக்கியங்களாகக் குறைத்துவிட்டு, கண்டறிந்ததை இப்படி எழுதலாம்: "60 மாணவர்களில் 47 பேர் எட்டாம் வாரத் தேர்வை எழுதினர். குழுக்களின் சராசரி வேறுபாடு 1.5 மதிப்பெண், நம்பக இடைவெளி −2.1 முதல் 5.1. பாடம் முடிந்த அன்றைய தேர்வில் வேறுபாடு 5.4." முப்பது சொற்களுக்குள் முடிந்துவிட்டது. முடிவில் "மேம்படுத்துகிறது" என்பதை நீக்கி, உடனடித் தேர்வில் தெரிந்த வேறுபாடு எட்டு வாரங்களுக்குப் பிறகும் நீடித்ததற்கு இந்த ஆய்வில் சான்று கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். "தாக்கம் இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஏனெனில் நம்பக இடைவெளியின் மேல்முனை 5.1 வரை போகிறது, உண்மையான வேறுபாடு அவ்வளவு இருக்கவும் கூடும்.

எண்கணக்கன்: விலகியவர்களைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் நம்பக இடைவெளியைச் சுருக்கத்துக்குள் கொண்டுவருவது பொது வாசகரைத் துரத்திவிடும் என்றே இன்னமும் நினைக்கிறேன், 1.5 என்ற எண்ணோடு "உறுதியாகச் சொல்ல முடியாத அளவு" என்று எழுதினால் போதும்.

பழைய நெறியாளர்: நம் இருவரின் வாசகரும் வேறு வேறு. தேன்சிட்டு, நீங்கள் குழு பிரித்த விதத்தையும் சொல்லவில்லை. சீட்டுக் குலுக்கியா, இருந்த வகுப்புப் பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொண்டா?

தேன்சிட்டு: இருந்த பிரிவுகளையே எடுத்துக்கொண்டேன். "பிரிக்கப்பட்டனர்" என்ற சொல்லே தவறாகப் போயிற்று, அதையும் திருத்துகிறேன்.