காணொளி அழைப்புப் பேட்டி: உதடும் குரலும் ஒட்டவில்லை, உதவுங்கள்

வணக்கம். ஓய்வுபெற்ற கைத்தறி நெசவாளர் ஒருவரைக் காணொளி அழைப்பில் 45 நிமிடம் பேட்டி எடுத்தேன். பதிவில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கிறோம். மொத்தப் படம் 1280×720, ஆளுக்கு 640×360 மட்டுமே. அவரை முழுத்திரைக்கு மூன்று மடங்கு பெரிதாக்கினால் நூலைச் சுட்டும் விரல்கள் கரைந்துவிடுகின்றன. அதனால் ஒன்றரை மடங்கோடு நிறுத்தி, வெற்று நிறப் பின்னணியில் வைத்திருக்கிறேன். அது பார்க்க நன்றாகவே இருக்கிறது.

சிக்கல் ஒலியில். அவர் குரலை அவருடைய கைப்பேசியிலேயே தனியாகப் பதிந்தோம். தொடக்கத்தில் கைதட்டலை வைத்துப் பொருத்தினேன். 10ஆம் நிமிடத்தில் குரல் 2 ஃபிரேம் பின்தங்குகிறது, 40ஆம் நிமிடத்தில் 8. படத்தின் ஃபிரேம் வேகம் சீராக இல்லாததால் முதலில் இப்படி மாற்றினேன்:

```
ffmpeg -i petti.mp4 -vf fps=25 -c:a copy petti25.mp4
```

விலகல் அப்படியே இருக்கிறது. சீராகக் கூடுவதால் இரு கருவிகளின் கடிகார வேறுபாடுதான் என்று நினைக்கிறேன். 40 நிமிடத்துக்கு 0.32 விநாடி என்ற கணக்கில் ஒலி முழுவதையும் சுருக்கலாமா, அல்லது மௌனங்களில் வெட்டி நகர்த்துவதா? சுருக்கினால் அவருடைய குரலின் தன்மை மாறுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.