ஒப்புதல் படிவத்தைத் திரும்ப ஆங்கிலமாக்க ஒருவர் தேவை (வடசென்னை)

வணக்கம். மருந்து ஆய்வு ஒன்றின் தமிழ் ஒப்புதல் படிவத்தை, மூன்று பக்கம், திரும்ப ஆங்கிலத்தில் எழுதித் தர ஒருவர் வேண்டும். அதை ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுத் தமிழ் சரியா என்று பார்ப்போம், அதனால் மூலத்தைப் பார்க்காதவராக இருக்கணும். பார்த்தவர், தமிழில் இருக்கும் ஓட்டையைத் தன்னையறியாமல் அடைத்துவிடுவார். தமிழில் இருப்பதை மட்டும் எழுதுங்க. குழப்பமாக இருந்தால் குழப்பமாகவே வரட்டும்.

முந்தைய படிவம் ஒன்றிலிருந்து உதாரணம் (புதியதிலிருந்து எதையும் இங்கே சொல்லக்கூடாது): மூலத்தில் "ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் வழக்கமான சிகிச்சை தொடரும்" என்ற பொருள். திரும்பி வந்த ஆங்கிலத்திலோ "சிகிச்சையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று இருந்தது. தமிழ் வரைவில் 'ஆய்வு' வரவேண்டிய இடத்தில் 'சிகிச்சை' விழுந்திருந்தது. விலகினால் மாத்திரையும் கிடைக்காது என்று நோயாளி பயந்துவிடுவார்.

இந்தச் சோதனைக்குப் பிடிபடாததும் உண்டு. "சமவாய்ப்பு முறையில் குழு ஒதுக்கப்படும்" என்பது ஆங்கிலத்துக்குப் பிசகில்லாமல் திரும்பும், ஆனால் குலுக்கல் போல குழு பிரிப்பார்கள் என்று படிப்பவருக்குப் புரியாது. அதனால் தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி பக்கம் மருத்துவத் துறை சாராத நாலைந்து பேரும் வேண்டும். ஒவ்வொரு பத்தியையும் படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் சொந்தப் பேச்சில் சொன்னால் போதும். முடிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்க.