தாராவியில் பதிந்த பறையை லூப்பாக வெட்டியபோது

செம்பூர்வாசி:
பொங்கலன்று தாராவியில் அடித்த பறையை 3 நிமிடம் பதிந்து வந்தேன். சாஃப்ட்வேர் டெம்போ 96 என்று காட்டியது. அப்படியென்றால் ஒரு அடிக்கு 0.625 வினாடி, நாலு அடிச் சுற்றுக்கு 2.5 வினாடி. அந்தக் கணக்கிலேயே கடைசி வரை வெட்டிவிட்டேன். முதல் துண்டின் வாலிலேயே 'டக்' என்று ஒரு நுனிச் சத்தம், பத்தாவதில் அடுத்த சுற்றின் முதல் அடி முழுசாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

அல்சூர் ஒலிக்காரன்:
எனக்கு ஆகியிருக்கிறது தம்பி. கிளிக் இல்லாமல் கையால் அடித்த தாளம் ஒரே நீளத்தில் நிற்காது. உங்கள் ஆட்கள் சுற்றை 2.48 வினாடியில் முடித்திருந்தால் டெம்போ 96.8 தான், காதுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சுற்றுக்கு 0.02 வினாடி சேர்ந்து சேர்ந்து பத்தாவது வெட்டு 0.2 வினாடி தள்ளி விழும். நான் பைத்தானில் அடிகளைக் கண்டுபிடிக்கிற `librosa.beat.beat_track` கொடுத்த இடங்களில் அப்படியே வெட்டிப் பார்த்தேன். அதுவும் சரிவரவில்லை, ஏனென்றால் அதன் வழக்கமான அமைப்பில் இடங்கள் சுமார் 23 மில்லி வினாடிப் படிகளில்தான் வரும். இப்போது அதை அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு சுற்றின் முதல் அடியும் எழும் இடத்துக்கு 3, 4 மில்லி வினாடி முன்னால் கையால் வெட்டுகிறேன்.

மாட்டுங்கா ரசிகன்:
இவ்வளவு எதற்கு ப்ரோ, எல்லாத் துண்டுக்கும் இரண்டு முனையிலும் சத்தத்தை மெல்ல ஏற்றி இறக்குகிற 10 மில்லி வினாடி ஃபேட் போட்டால் டக் போய்விடும்.

அல்சூர் ஒலிக்காரன்:
டக் போகும், அதோடு அடியும் போகும். அடிக்குச்சி தோலில் படும் அந்த முதல் சில மில்லி வினாடிதான் பறை. ஃபேட்-இன் அதன் மேல் ஏறினால் தலையணையில் அடித்த மாதிரி கேட்கும். அடிக்கு முன்னால் விட்ட அந்த 3 மில்லி வினாடிக்குள் ஃபேட் முடிந்துவிட வேண்டும். வாலில் நீங்கள் சொல்வது சரி, அங்கே 10 போடலாம்.

தானே அக்கா:
என்னிடம் ஒரு பழைய பாட்டு இருக்கிறது, அதில் மிருதங்கத்தை மட்டும் எப்படி வெட்டி எடுப்பது?

மாட்டுங்கா ரசிகன்:
அது பிரித்தெடுக்கிற வேலைக்கா, இங்கே தனியாகப் பதிந்ததைத்தான் வெட்டுகிறோம்.

செம்பூர்வாசி:
அண்ணே, நேற்று ராத்திரி உட்கார்ந்து திரும்ப வெட்டினேன். 72 சுற்றில் 11 தேறியது. மெல்லிசான சிண்டுக்குச்சி சடசடவென்று விழுகிற இடங்களில் சாஃப்ட்வேர் அதையும் முதல் அடி என்று குறித்திருந்தது, அதையெல்லாம் அழிக்கத்தான் நேரம் போனது. ஒன்று மட்டும் பாக்கி: துண்டுகள் 2.51இலிருந்து 2.44 வரை இருக்கின்றன. எல்லாவற்றையும் 2.48க்கு இழுக்கவா?

அல்சூர் ஒலிக்காரன்:
நான் இழுக்க மாட்டேன், அந்த வேகம் ஏறுவதில்தான் ஆட்டமே இருக்கிறது.

மாட்டுங்கா ரசிகன்:
மேலே கீபோர்டு வாசிக்கப்போவது யார் ப்ரோ? அவருக்கு நிலையான தாளம் வேண்டாமா?

செம்பூர்வாசி:
நான்தான். இரண்டு விதமாகவும் வைத்து வாசித்துப் பார்க்கிறேன்.