ஒரு சன்ஸ்கிரீன் ட்யூப் நான்கு மாதம் வந்தால் சந்தோஷப்படலாமா?

பாம்பன் டீச்சர்

ஜூனில் பள்ளி திறந்த அன்று 50 கிராம் சன்ஸ்கிரீன் ஒன்று வாங்கினேன். செப்டம்பர் கடைசியில்தான் தீர்ந்தது. "பரவாயில்லையே, சிக்கனமாக வைத்திருக்கிறோம்" என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் முகத்தைப் பார்த்தால் கன்ன எலும்பில் கருமை கூடித்தான் இருந்தது. தினமும் தங்கச்சிமடத்திலிருந்து பாம்பனுக்கு ஸ்கூட்டரில் போய்வருகிறேன். காலை வெயில் ஒரு பக்கம், மாலை வெயில் மறுபக்கம்.

ட்யூப் மோசம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டேன். 50 கிராமை 115 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு அரை கிராம்கூட வரவில்லை. அதையும் முகம், கழுத்து, காது என்று மூன்று இடத்துக்கு இழுத்துத் தேய்த்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். இரண்டு வருடம் முன்பு பருவுக்கு ஒரு ஜெல் கொடுத்த தோல் டாக்டர், "முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, அதற்கு மேல் வேண்டாம்" என்றார். நான் அந்தப் பட்டாணியைப் பிடித்துக்கொண்டு சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் எல்லாவற்றுக்கும் அதையே அளவாக வைத்துவிட்டேன். உங்களில் யாராவது உண்மையில் அளந்து பார்த்திருக்கிறீர்களா?

தொண்டிக்காரன்

எனக்கு நேர்மாறாக நடந்தது டீச்சர். இரண்டு விரல் அளவு போட வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு இழுத்துப் போட்டேன். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. வியர்த்ததும் வழிந்து கண்ணுக்குள் போய் ஒரே எரிச்சல், படகுத்துறையில் பயல்கள் சிரிப்பு வேறு. ட்யூப் மூன்று வாரத்தில் காலி. அதிலிருந்து நானும் பட்டாணிதான். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்தானே எஸ்.பி.எஃப்., அது 50 என்றால் பாதி போட்டால் 25 கிடைக்கும், அது போதாதா?

கீழக்கரை மருமகள்

டீச்சர், எங்கள் வாப்பா நகைக்கடை வைத்திருந்தவர். பழைய சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு இன்று காலை எடுத்துவைத்துப் பார்த்தேன். க்ரீமைத் தராசில் பிதுக்க வேண்டியதில்லை. ட்யூபைத் தராசில் வைத்து சைபர் ஆக்கிக்கொள்ளுங்கள். எடுத்து, வழக்கம்போல விரலில் பிதுக்கிவிட்டு, மூடி போட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸில் காட்டுவதுதான் வெளியே போனது. ஒரு பொட்டும் வீணாகாது.

என்னுடைய சன்ஸ்கிரீனுக்கு வாய் ஒல்லி. இரண்டு விரலிலும் முழுக் கோடு இழுத்தால் 0.94 கிராம். பட்டாணி அளவு என்று நான் நினைத்ததைப் போட்டால் 0.31. ஆனால் எந்தப் பட்டாணி என்று ஒரு சண்டை வீட்டிலேயே வந்துவிட்டது! நான் சுண்டலுக்குப் போடும் காய்ந்த பட்டாணியை நினைத்தேன், என் நாத்தனார் ஊட்டிப் பச்சைப் பட்டாணியை நினைத்திருக்கிறாள். அவள் பிதுக்கியது கிட்டத்தட்ட இரு மடங்கு.

மருந்துக்கடை அண்ணன், ராமநாதபுரம்

கீழக்கரை லாத்தா தராசை எடுத்ததால் விஷயம் தெளிவாகிவிட்டது. இங்கே இரண்டு வேறு அளவுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

ஒன்று விரல்நுனி அளவு. 1991-ல் பிரிட்டனில் தோல் மருத்துவர்கள் ஸ்டீராய்டு களிம்புக்காகக் கொண்டுவந்தது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் மட்டும் ஒரு கோடு. அது ஏறத்தாழ அரை கிராம், பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் குறையும். விரல் உட்பட இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டரை நுனி. ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ட்யூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும்.

இன்னொன்று வீடியோக்களில் வரும் இரண்டு விரல் கோடு. அது விரலின் முழு நீளம். கோடு ஒல்லியாக இருந்தால்தான் ஒரு கிராம் பக்கம் நிற்கும். வாய் 3 மில்லிமீட்டரிலிருந்து 5 ஆனால் கோடு ஒன்றரை மடங்கு தடிக்கிறது என்று நினைக்காதீர்கள். அகலமும் உயரமும் சேர்ந்து கூடுவதால் எடை இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும். தொண்டித் தம்பி, உங்கள் ட்யூப் வாய் பெரிதாக இருந்திருக்கும். 50 கிராம் மூன்று வாரத்தில் தீர்ந்தது என்றால் ஒரு தடவைக்கு இரண்டு கிராமுக்கு மேல். அது இரண்டு பேர் முகத்துக்கான அளவு.

டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதனையில் எடுக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகம், கழுத்து, காது சேர்த்தால் டீச்சருக்கு ஒன்று முதல் ஒண்ணேகால் கிராம் வேண்டும். அவர் போட்டது அதில் பாதியும் இல்லை.

தண்ணீர் மாதிரி ஓடும் சன்ஸ்கிரீன் என்றால் கோடே நிற்காது. குழந்தைக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லா சிரிஞ்சில் 1.2 மில்லி எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள். எவ்வளவு பெரிய வட்டம் வருகிறது என்று ஒரு தடவை கண்ணில் பதிந்தால் போதும், தினமும் அளக்க வேண்டாம்.

தொண்டிக்காரன்

வாய் பெரிதுதான் அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். ஸ்கேல் வைத்தால் 5 காட்டுகிறது. சரி, பாதிக்கு 25 என்ற கணக்கு?

மருந்துக்கடை அண்ணன், ராமநாதபுரம்

அதில் ஒரே பேச்சு இல்லை தம்பி. சில சோதனைகளில் பாதிக்குப் பாதி என்று வந்திருக்கிறது, சிலவற்றில் அதைவிட வேகமாக இறங்கியிருக்கிறது. கூடவே நீங்கள் பாதி போட்டால் எல்லா இடத்திலும் சமமாகப் பாதி விழாது. மூக்கு நுனியில் இருக்கும், காதுமடலில் இருக்காது. அதனால் 25 என்று நம்பி நான் தனுஷ்கோடி மணலில் நிற்க மாட்டேன்.

ஏர்வாடி பாய்

நல்ல விஷயம் போகிறது. எனக்கு இடுப்பில் படர்தாமரை. கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், ஒரு மாதமாகப் போடுகிறேன். போட்டால் அடங்குகிறது, விட்டால் வட்டம் பெரிதாகிறது. இதற்கு எத்தனை விரல்நுனி?

மருந்துக்கடை அண்ணன், ராமநாதபுரம்

பாய், இங்கே பேசுவது முகத்துக்குப் பூசுவது. ஆனால் உங்களுடையது அளவுப் பிரச்சினை மாதிரி தெரியவில்லை. அட்டையைத் திருப்பி க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் மாதிரி பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளரவிடும். விரல்நுனி எண்ணுவதை விட்டுவிட்டு தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சின்னப்பாலம் பொண்ணு

எங்கள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். கட்டக்கோரை, மரிக்கொழுந்து எல்லாம். காலேஜில் படித்த அறிவில் நான் ஒரு சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுத்து, இரண்டு விரல் போடச் சொன்னேன். முதல் நாளே திட்டு. கடலில் முங்கி எழும்போது கண்ணாடிக்குள் இறங்கி எரிகிறதாம். அவர் போட்டுக்கொள்வது புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையிலிருந்து கழுத்துவரை துணிக்கட்டு. மணிக்கணக்கில் தண்ணீரில் இருப்பவருக்கு இரண்டு மணிக்கொரு முறை எங்கே பூசுவது? இப்போது கரைக்கு வந்து பாசி காயவைக்கும்போது மட்டும், துணி மறைக்காத கன்னத்துக்கும் மூக்குக்கும் முகம் துடைத்துவிட்டுப் போட்டுவிடுகிறேன். அவ்வளவு இடத்துக்கு ஒரு விரலே தாராளம்.

மருந்துக்கடை அண்ணன், ராமநாதபுரம்

அம்மா செய்வதுதான் சரி. துணி மூடிய இடத்துக்கு அளவே தேவையில்லை.

கீழக்கரை மருமகள்

சீரத்துக்கும் ஒரு கேள்வி. வைட்டமின் சி சீரம் 30 மில்லி. ட்ராப்பர் நிறைய எடுத்து முகத்தில் விட்டுக்கொண்டிருந்தேன், ஒரே மாதத்தில் தீர்ந்தது. பாதி கழுத்தில் வழிந்து துப்பட்டாவில் மஞ்சள் கறை. அடுத்த பாட்டிலை நான்கு சொட்டாகக் குறைத்தேன், முகத்துக்குத் தாராளமாகப் போதுகிறது. ஆனால் மூன்றாம் மாதமே பாட்டிலில் தேநீர் நிறம் வந்துவிட்டது. பாதி இன்னும் இருக்கிறது!

மருந்துக்கடை அண்ணன், ராமநாதபுரம்

தண்ணீர் மாதிரி இருப்பது 20 சொட்டு ஒரு மில்லி. நான்கு சொட்டு என்றால் உங்கள் பாட்டில் ஐந்து மாதம் வரும். வைட்டமின் சி நம் ஊர்ச் சூட்டில் அவ்வளவு நாள் தாங்காது. சொட்டைக் கூட்டாதீர்கள் லாத்தா, பாட்டிலைச் சிறிதாக்குங்கள். 15 மில்லி கிடைத்தால் அதை வாங்கி, மூடியை இறுக்கி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பழுப்பானதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பாம்பன் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. லாத்தா முறையில் பள்ளி லேப் தராசில் வைத்துப் பார்த்தேன். என் ட்யூபில் இரண்டு முழு விரல் 0.9, கழுத்துக்கு ஒரு நுனி சேர்த்தால் 1.1. முதல் நாள் அதை ஒரே தடவையில் அப்பியதும் மாவு திரண்ட மாதிரி உருண்டு உருண்டு வந்தது. காரணம் சன்ஸ்கிரீன் இல்லை, அடியில் இருந்த மாய்ஸ்சரைசர். மாய்ஸ்சரைசருக்கு இந்த மாதிரி சோதனை அளவு ஏதும் இல்லை, பூசிய பிறகு கன்னம் இழுக்காமல் இருந்தால் போதும் என்று அண்ணன் தனியாகச் சொன்னார். இந்த ஈரக்காற்றில் எனக்குக் காய்ந்த பட்டாணி ஒன்றே சரியாக இருக்கிறது. ஆடிக்காற்றில் மணல் அறையும்போது இரண்டு வேண்டியிருக்கலாம். அதைப் பூசி ஐந்து நிமிடம் விட்டு, சன்ஸ்கிரீனை ஒரு விரல் முதலில், அது படிந்ததும் மறுவிரல் என்று போடுகிறேன். உள்ளங்கையில் தேய்க்காமல் நேராக முகத்தில் புள்ளி புள்ளியாக வைக்கிறேன். கையில் ஒட்டிப் போவது குறைந்திருக்கிறது. உருளுவதும் நின்றது.

ட்யூப் வாலில் தொடங்கிய தேதியை மார்க்கரில் எழுதினேன். 43-வது நாள் காற்றுதான் வந்தது. கத்தரித்துப் பார்த்தால் உள்ளே இன்னும் மூன்று நாளுக்கு இருந்தது. 450 ரூபாய் ட்யூப் முன்பு நாளுக்கு நான்கு ரூபாய், இப்போது பத்து ரூபாய். மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பும்போது இன்னொரு தடவை போட வேண்டுமா என்று அண்ணனிடம் கேட்டால், "போடுங்கள்" என்கிறார். இருபது ரூபாய்! இப்போதைக்கு மாலையில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி, துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறேன்.

தொண்டிக்காரன்

எனக்கு ஒரு விரலில் முக்கால் கோடு, எடை 1.05. சுண்ணாம்பு இல்லை, பயல்களும் சிரிக்கவில்லை. ஆனால் தாடி உள்ள இடத்தில் எப்படிப் போடுவது என்று யாருக்காவது தெரியுமா?